கைலாஷ் குரூப் விசா: உங்க பேரு யாரோட பேப்பர்ல ஏறுதுன்னு பாத்துக்கிடுங்க

"அண்ணாச்சி, அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. ரெண்டு பேருக்கும் கைலாஷ் மானசரோவர் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. டவுன்ல ஒரு டூர்காரர் நேபாளம் வழியா ஆளுக்கு 2,40,000 கேக்காரு. குரூப் விசாதான், பாஸ்போர்ட்ட முன்னாடியே அனுப்பணும்ங்காரு. நாமளே தனியா விசா எடுத்துப் போக முடியாதா? டூர்காரருக்கு அதுல என்ன வேல? கவர்மெண்ட் யாத்திரை இத விட நல்லதா?"

தம்பி, தனியா போக முடியுமான்னு கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிருதேன். இந்தியன் பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு நீங்களா விசா எடுத்து, நீங்களா வண்டி புடிச்சு கைலாஷுக்குப் போக முடியாது. காசிக்கு டிக்கெட் போட்டு போற மாதிரி நெனச்சா அது நடக்காது. காரணம் விசா மட்டும் இல்ல, விசாவுக்கும் முன்னாடி திபெத் பெர்மிட்னு ஒண்ணு இருக்கு. அத லாசாவுல இருக்கற திபெத் டூரிசம் ஆபீஸ்தான் குடுக்கும், அதுவும் அங்க பதிஞ்ச டிராவல் ஏஜென்சி கேட்டாத்தான் குடுக்கும், தனி ஆளு அப்ளை பண்றதுக்கு அங்க வழியே கிடையாது. அந்த ஏஜென்சியோட வண்டி, அந்த ஏஜென்சியோட கைடு, பெர்மிட்ல எழுதுன ரூட்டு, இத விட்டு வெளிய போகக்கூடாது. அதனால டூர்காரர் எதுக்குன்னு கேட்டா, அவரு சோறும் ரூமும் போடறதுக்கு மட்டும் இல்ல, அவரு இல்லாம உங்களுக்கு பேப்பரே கிடையாது.

ஆனா டவுன்ல உக்காந்திருக்கற அந்த டூர்காரரு பெர்மிட் எடுக்கற ஆளும் இல்ல. இதத்தான் நம்ம ஊர்ல நெறைய பேரு புரிஞ்சிக்கிடாம போறாவ. நீங்க டவுன்காரர்ட்ட பணம் கட்டுவிய. அவரு சென்னையிலயோ டெல்லியிலயோ ஒரு பெரிய ஆபரேட்டர்ட்ட உங்கள சேத்துவிடுவாரு. அந்த ஆபரேட்டர் காத்மாண்டுல ஒரு நேபாள கம்பெனிட்ட குடுப்பாரு. காத்மாண்டு கம்பெனி திபெத் ஏஜென்சிட்ட பேர் லிஸ்ட்ட அனுப்பி பெர்மிட் வாங்கும். பெர்மிட் வந்தப்புறம் காத்மாண்டுல சீனா விசாவுக்கு லிஸ்ட்ட குடுக்கும். ஆக உங்க பாஸ்போர்ட்டும் பணமும் நாலு கை மாறுது. நாலாவது கை வரைக்கும் யாரு யாருன்னு உங்களுக்குப் பேரு தெரியணும், தெரியலன்னா பணம் கட்டாதிய. நான் எங்க தெருவுல யாரு கேட்டாலும் மொதல்ல சொல்லுதது இதுதான். டவுன்காரர்ட்ட போயி "காத்மாண்டுல யாரு பண்ணுதா, அவிய கம்பெனி பேரு என்ன, நேபாள டூரிசம் டிபார்ட்மெண்ட் லைசென்ஸ் காப்பி காட்டுங்க"ன்னு கேளுங்க. ஒழுங்கா தொழில் பண்ணுதவரு உடனே சொல்லிருவாரு. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம் சார்"னு மட்டும் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

இப்ப இந்த குரூப் விசா எப்படி இருக்கும்னு சொல்லுதேன், ஏன்னா மத்த எல்லா சிக்கலும் இதுலேருந்துதான் வருது. நீங்க சிங்கப்பூர் மலேசியா போயிருந்தா ஆளுக்கொரு விசான்னு பழகியிருப்பிய. இது அப்படி இல்ல. பாஸ்போர்ட்ல ஒட்டவும் மாட்டாவ, ஸ்டாம்ப் அடிக்கவும் மாட்டாவ. தனியா ஒரு பேப்பரு. அதுல வரிசையா எல்லார் பேரும், பாஸ்போர்ட் நம்பரும், பொறந்த தேதியும் இருக்கும். 30 பேரு போனா 30 பேருக்கும் சேத்து ஒரே லிஸ்ட்டு. அது குரூப் லீடர் கையில இருக்கும், உங்க கையில இருக்காது. உள்ள போகும்போது அந்த லிஸ்ட் வரிசைப்படியே நின்னுதான் இமிக்ரேஷன் தாண்டணும், திரும்பி வரும்போதும் அப்படித்தான். சேந்து போயி சேந்து வரணும், அதான் அதோட சட்டம். ஒருத்தர் மட்டும் பாதியில திரும்பணும்னா அந்த லிஸ்ட்லேருந்து அவர் பேர பிரிச்சு தனி பேப்பர் வாங்கணும். அதுக்கு நேரமும் ஆகும், காசும் ஆகும்.

2019ல நாங்க 34 பேரு போனோம், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தூத்துக்குடின்னு எல்லா ஊர்க்காரங்களும் கலந்து. நடந்தத சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்களுக்கு ஜூலை ரெண்டாவது வாரம் காத்மாண்டுலேருந்து கெளம்பணும்னு திட்டம். மே கடைசியிலயே பாஸ்போர்ட் ஸ்கேனும் ஃபோட்டோவும் வாங்கிட்டாவ, திபெத் பெர்மிட்டுக்கு அதான் போகும். எங்க குரூப்ல ஒரு டீச்சரம்மா இருந்தாவ, ரிட்டயர்ட் ஆனவிய. அவிய பாஸ்போர்ட் முடியறதுக்கு ஏழு மாசம்தான் இருந்துச்சு. ஸ்கேன் குடுத்தப்புறம் யாரோ "ஆறு மாசத்துக்கு மேல இருக்கணுமாம், திரும்பி வர லேட் ஆனா சிக்கலாகும்"னு பயங்காட்டவும் அவியளும் நல்லதுன்னு நெனச்சு நம்ம திருநெல்வேலி சேவா கேந்திரால போயி ரினியூவல் போட்டுட்டாவ. புது பாஸ்போர்ட் சீக்கிரமே வந்துருச்சு, சந்தோஷமா எடுத்துட்டு வந்தாவ. ரினியூ பண்ணினா நம்பர் மாறிருமுன்னு அவியளுக்கு தோணல, எங்க ஊர் ஏஜென்டும் கேக்கல. காத்மாண்டுல பாஸ்போர்ட்ட வாங்கி லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாக்கும்போதுதான் கண்டுபிடிச்சாவ. பெர்மிட்ல பழைய நம்பரு, கையில புது நம்பரு. பெர்மிட்ட திருத்த லாசாவுக்கு திரும்ப அனுப்பணும், அதுக்கு நாளு பத்தாது. அந்தம்மா பத்து பதினஞ்சு நாளு காத்மாண்டுலயே பசுபதிநாத் கோயிலும் ரூமுமா இருந்துட்டு எங்ககூட ஊருக்கு வந்தாவ. நான் இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கும், பதினஞ்சு வருஷம் பென்ஷன்ல சேத்த காசு அது.

அதனால அம்மா அப்பா பாஸ்போர்ட்ட இன்னைக்கே எடுத்துப் பாருங்க. யாத்திரை முடிஞ்சு வர்ற தேதிக்கு அப்புறமும் ஆறு மாசம் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஸ்கேன் குடுக்கறதுக்கு முன்னாடியே ரினியூ பண்ணுங்க. குடுத்தப்புறம் பாஸ்போர்ட்ல கைய வைக்கக்கூடாது. இன்னொண்ணு நம்ம ஆளுகளுக்கே உரிய பிரச்சன, பேரு. வடக்க எல்லாருக்கும் சர்நேம் இருக்கும். நமக்கு ஒருத்தருக்கு இனிஷியல விரிச்சு சர்நேமா போட்டிருப்பாவ, ஒருத்தருக்கு சர்நேம் கட்டமே காலியா இருக்கும். காத்மாண்டுல டைப் அடிக்கற பையன் அப்பா பேர எடுத்து முன்னால போட்டுருவான், இல்ல விட்டுருவான். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே லிஸ்ட்ல வந்திருக்கணும். அடிச்ச லிஸ்ட்ட வாட்ஸப்ல அனுப்பச் சொல்லி பேரு, நம்பரு, பொறந்த தேதி மூணையும் நீங்களே பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சு சரி பாருங்க. ஒரு நம்பர் மாறுனாலும் பார்டர்ல உங்கள மட்டும் நிறுத்தமாட்டாவ, உங்களால பின்னால நிக்கற 33 பேரும் நிக்கணும்.

ரெண்டாவது விஷயம் உள்ள போனப்புறம். நாங்க போனது ரோடு வழி, காத்மாண்டு, சியாப்ருபேசி, அப்புறம் ரசுவாகடி பார்டர தாண்டுனா கேருங். கேருங் 2,800 மீட்டர் பக்கம். அங்கேருந்து அடுத்து சாகாவுக்கு ஏத்துவாவ, அது 4,400 மீட்டருக்கு மேல. நம்ம பொதிகை மலை உச்சியே 1,868 மீட்டர்தான், அத வச்சு பாத்துக்கிடுங்க. சாகாவுல ராத்திரி அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருத்தருக்கு தலவலி, வாந்தி, அப்புறம் நடக்கும்போது தள்ளாட ஆரம்பிச்சிட்டாரு. தள்ளாட்டம் வந்தா அது சாதாரண தலவலி இல்ல, மூளையில நீர் கோக்குதுன்னு அர்த்தம், மாத்திரைய குடுத்துட்டு காலையில பாப்போம்னு இருக்கக்கூடாது, கீழ எறக்கணும். எங்ககூட வந்த நேபாள கைடு பையன் நல்ல அனுபவசாலி, உடனே ஆக்சிஜன் சிலிண்டர் போட்டு கீழ எறக்குவோம்னுட்டான். ஆனா பேப்பரு? ஒரே லிஸ்ட்டு, அது குரூப்போட மேல போகணும். அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் நேபாளத்துக்குள்ள போகணும்னா லிஸ்ட்லேருந்து அவியள பிரிக்கணும். திபெத் கைடு ராத்திரியே ஃபோன் போட்டு அவிய ஏஜென்சிய எழுப்பி, காலையில ஆபீஸ் தொறந்தப்புறம்தான் பேப்பர் வேல நடந்துச்சு. அதுவரைக்கும் கேருங்ல கொண்டுவந்து வச்சிருந்தாவ. உயரம் கொறஞ்சதும் மனுஷன் தெளிஞ்சிட்டாரு, அது எங்க அதிர்ஷ்டம். தனி வண்டி, தனி பேப்பரு, கூட ஒரு ஆளு, எல்லா செலவும் அவரு தலையில. இதெல்லாம் யார் தருவா, எவ்வளவுன்னு முன்னாடி பேசவே இல்ல, அதனால ஊருக்கு வந்தப்புறம் ஒரே மனஸ்தாபம்.

அதனால டவுன்காரர்ட்ட நீங்க கேக்க வேண்டிய ரெண்டாவது கேள்வி இது: "ஒருத்தர் பாதியில திரும்பணும்னா லிஸ்ட்ட பிரிக்கறது யாரு, வண்டிக்கு எவ்வளவு, எதெல்லாம் பேக்கேஜ்ல அடங்கும்?" எழுத்துல வாங்குங்க. அடங்காதுன்னே அவரு சொன்னாலும் பரவால்ல, எவ்வளவுன்னு தெரிஞ்சா கையில வச்சுக்கிடலாம். அதோட இன்சூரன்ஸ் பேப்பர்ல 5,000 மீட்டருக்கு மேல போற பயணத்த ஏத்துக்கிடுதானான்னு படிச்சுப் பாருங்க. கைலாஷ சுத்தி வரும்போது தாண்டற டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர் பக்கம் வருது, சாதாரண டிராவல் பாலிசி நெறைய அதுக்கு ரொம்ப கீழயே நிறுத்திருவான்.

இனி பாஸ்போர்ட்ட முன்னாடியே அனுப்பச் சொல்லுதாவன்னு பயந்து கேட்டிருக்கிய. இதுல ஏமாத்து வேல ஒண்ணும் இல்ல, முறையே அப்படித்தான். சீனா விசாவுக்கு காத்மாண்டுல ஒரிஜினல் பாஸ்போர்ட் வேணும், அதுக்கு சில வேலநாள் ஆகும். சனி ஞாயிறு வந்துட்டா அதுவும் கூடும். குரூப்பே நாலஞ்சு நாள் காத்மாண்டுல போயி உக்காந்தா ரூம் செலவு, அதனால சில பேரு பாஸ்போர்ட்ட மட்டும் முன்னாடி அனுப்பச் சொல்லுவாவ. கையில பாஸ்போர்ட் இல்லாம காத்மாண்டுக்கு எப்படி பறக்கறதுன்னு கேப்பிய. நேபாளத்துக்கு இந்தியாக்காரங்களுக்கு விசாவே கிடையாது. ஃப்ளைட்ல போக பாஸ்போர்ட் இல்லன்னா எலக்‌ஷன் கமிஷன் குடுத்த ஒரிஜினல் வோட்டர் ஐடி போதும். ஆனா ஆதார் செல்லாது, இதுல ஏமாந்து சென்னை ஏர்போர்ட்லயே திரும்புனவங்க உண்டு. 65 வயசு தாண்டுனவங்களுக்கும் 15 வயசுக்கு கீழ உள்ள புள்ளைகளுக்கும் மட்டும் ஆதார் மாதிரி வயசு காட்டற ஃபோட்டோ அடையாளத்துக்கு சலுகை இருக்கு. உங்க அப்பாவுக்கு 66, அவரு அப்படி போயிருவாரு, அம்மாவுக்கு 61, அவியளுக்கு வோட்டர் ஐடி கண்டிப்பா வேணும். ஆனாலும் என் யோசன, பாஸ்போர்ட்ட குரியர்ல போடாதிய. ரெண்டு நாள் ரூம் செலவு கூடுனாலும் கையோட கொண்டு போயி காத்மாண்டுல குடுங்க. அங்க போனதும் உடம்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், பாஸ்போர்ட்டும் நாலு கை தாண்டாம ஒரு கைக்குத்தான் போகும். குடுக்கும்போது ரசீது வாங்குங்க, முன்பக்கம் பின்பக்கம் ஃபோட்டோ எடுத்து உங்க ஃபோன்லயும் அம்மா ஃபோன்லயும் வச்சுக்கிடுங்க.

தனியா போற வழியப் பத்தி திரும்ப வாரேன். சில பேரு "நான் இந்தியாவுலயே சீனா டூரிஸ்ட் விசா எடுத்துட்டு வந்துருதேன், குரூப் விசா வேண்டாம்"னு கெளம்புவாவ. 2025 ஜூலையிலேருந்து சீனா இந்தியாக்காரங்களுக்கு டூரிஸ்ட் விசா திரும்ப குடுக்க ஆரம்பிச்சிட்டாவ, அது உண்மை. ஆனா அந்த விசா பெய்ஜிங் ஷாங்காய் சுத்தத்தான் ஆகும். திபெத்துக்குள்ள கால் வைக்க அதே பெர்மிட், அதே ஏஜென்சி வேணும். அதுலயும் இன்னொரு கண்ணி இருக்கு. நேபாளம் வழியா திபெத்துக்குள்ள போறவங்களுக்கு காத்மாண்டுல குரூப் விசா எடுத்தே ஆகணும், எடுக்கும்போது பாஸ்போர்ட்ல ஏற்கனவே இருக்கற சீனா விசாவ கேன்சல் அடிச்சிருவாவ. உங்க வீட்ல யாராவது வியாபாரத்துக்கு குவாங்ஜோ போயிட்டு வாரவங்க, அவிய சீனா விசாவுல அஞ்சு மாசமோ ஒரு வருஷமோ பாக்கி இருக்குன்னா அத நெனவுல வச்சுக்கிடணும்.

அப்ப "எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு குரூப்பா போடுங்க"ன்னா? கேட்டுப் பாக்கலாம். முழு வண்டி, முழு கைடு, முழு பெர்மிட் செலவும் ரெண்டு தலையில விழும், அதனால ரேட்டு எக்கச்சக்கமா ஏறும். ரெண்டு பேர மட்டும் வச்சு லிஸ்ட்டுக்கு விசா குடுப்பாவளாங்கறதும் அந்தந்த சீசனப் பொறுத்தது. அம்மா அப்பா வயசுக்கு நான் அத சொல்லமாட்டேன், குரூப்ல நம்ம ஊர் ஆளுக நாலு பேரு இருந்தா ராத்திரி முழிச்சுப் பாக்கவாவது ஆள் இருக்கும்.

கவர்மெண்ட் யாத்திரையப் பத்தி கேட்டிருக்கிய. அது வெளியுறவுத் துறை நடத்துதது, kmy.gov.in ல நீங்களே, எந்த ஏஜென்ட்டும் இல்லாம அப்ளை பண்ணலாம். ஒரு வகையில பாத்தா தனியா போறவங்களுக்கு அதான் வழி, நடுவுல டூர்காரர் கிடையாது, ஆனா உள்ள அதுவும் பேட்ச் பேட்ச்சாத்தான் போகும். 2020லேருந்து அஞ்சு வருஷம் நின்னு போயி 2025ல திரும்ப தொறந்தாவ. அந்த வருஷம் உத்தராகண்ட் லிபுலேக் வழியா 50 பேர் கொண்ட 5 பேட்ச், சிக்கிம் நாதுலா வழியா 50 பேர் கொண்ட 10 பேட்ச், மொத்தம் 750 பேரு. கம்ப்யூட்டர் குலுக்கல்ல பேரு விழணும். புருஷன் பொஞ்சாதி சேந்தே அப்ளை பண்ணலாம். நாதுலா வழியில பெரும்பாலும் வண்டிதான், கைலாஷ சுத்தி வர்ற பரிக்கிரமாவுக்கு மட்டும் நட, வயசானவங்களுக்கு அதுதான் தோதா இருக்கும். மூணு வாரம் பக்கம் ஆகும், பேட்ச்சுக்கு லயசன் ஆபீசர் கூட வருவாரு, டெல்லியிலயும் மேல ஏறுதப்பயும் ரெண்டு தடவ மெடிக்கல் செக்கப் உண்டு. என் மனசுல இதுக்குத்தான் மொத எடம். ஏன்னா அந்த செக்கப்புல திருப்பி அனுப்பறாவ பாருங்க, அதுதான் உசுர காப்பாத்தும்.

ஆனா உங்க வீட்டு கணக்க பாப்போம். வயசு 18லேருந்து 70க்குள்ள, அப்பா 66, பரவால்ல. ஒயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பாக்குத பிஎம்ஐ 25க்கு மேல இருக்கக்கூடாது. அம்மா ஒயரம் எடை நீங்க எழுதல, நம்ம ஊர் அம்மாமாருக்கு இருக்கற மாதிரி 152 சென்டிமீட்டர், 66 கிலோன்னு வச்சுக்கிடுங்க. 66ஐ 1.52ஆல ரெண்டு தடவ வகுத்தா 28.6 வருது. அதே ஒயரத்துக்கு 25 வரணும்னா 57.76 கிலோ, அதாவது எட்டு கிலோவுக்கு மேல கொறைக்கணும். ஆறு மாசம் காலையில ஸ்டேடியத்துல நடந்தா முடியாதது இல்ல, ஆனா அப்ளை பண்ணிட்டு ஒரு மாசத்துல முடியாது. பிரைவேட்காரர் பிஎம்ஐ கேக்கமாட்டாரு, அவரு கேக்கலங்கறதால மலை விட்டுக்குடுக்கும்னு நெனைக்காதிய, எங்க அண்ணாச்சிக்கும் யாரும் கேக்கல. ஒரு விஷயம் மட்டும் சொல்லிருதேன், கவர்மெண்ட் யாத்திரையில எழுதி வாங்குத பேப்பர்ல ஒண்ணு, சீனா பக்கம் ஏதாவது ஆயிப்போச்சுன்னா உடல அங்கேயே தகனம் பண்ண சம்மதம்னு கையெழுத்து. அத அம்மா அப்பா படிச்சுட்டு தயங்குவாவ, அதனால முன்னாடியே உக்காந்து பேசுங்க, கடைசி நேரத்துல டெல்லியில வச்சு காட்டாதிய.

பிரைவேட்ல தேதியப் பத்தி ஒரு எச்சரிக்க. பெர்மிட்ல எந்த பார்டர் வழியா உள்ள போறோம்னு குறிச்சிருக்கும். 2025 ஜூலை 8ல ரசுவாகடி பக்கம் போட்டேகோசி ஆத்துல வெள்ளம் வந்து ரெண்டு நாட்டையும் சேக்கற பாலத்தயே அடிச்சிட்டுப் போயிருச்சு. அந்த சீசன்ல அந்த வழியா போறதுக்கு பெர்மிட் வச்சிருந்தவங்க எல்லாரும் திண்டாடுனாவ. அதுக்கு முன்ன 2018 ஜூலையில சிமிகோட், ஹில்சா பக்கம் மேகமும் மழையும் கட்டி ஃப்ளைட்டும் ஹெலிகாப்டரும் பறக்க முடியாம ஆயிரத்து ஐநூறு இந்தியாக்காரங்களுக்கு மேல மாட்டிக்கிட்டு தூதரகம் மீட்டுக் கொண்டாந்துச்சு. நேபாள்கஞ்ச்லேருந்து சிமிகோட்டுக்கு சின்ன ப்ளேன்ல, அங்கேருந்து ஹில்சாவுக்கு ஹெலிகாப்டர்ல, பாலத்த தாண்டி திபெத் பக்கம் தக்லாகோட், இது குறுக்கு வழி, காசும் கூட. நாள் கொறையுதுன்னு வயசானவங்க இத கேப்பாவ, ஆனா நாள் கொறையுதது உடம்புக்கு கெடுதல்தான், அவ்வளவு ஒயரத்துக்கு திடுதிப்புனு கொண்டு வைக்காவ. மழைக்காலத்துல இது முழுக்க வானத்த நம்பி இருக்கு. ரெண்டு வழிக்குமே, ஊருக்கு திரும்பற ரயில் டிக்கெட்ட நாலஞ்சு நாள் தள்ளித்தான் போடணும். மூணாவது கேள்வியா இத டவுன்காரர்ட்ட கேளுங்க: "பெர்மிட்டோ விசாவோ வராட்டா, பார்டர் மூடிட்டா, எவ்வளவு திருப்பித் தருவிய?" காத்மாண்டு போயி விசா வரலன்னா "பசுபதிநாத், முக்திநாத் காட்டிட்டு கூட்டியாந்துட்டோம், பணம் சரியாப் போச்சு"ங்கறது வழக்கமான பதிலா இருக்கு. அத ஒத்துக்கிடாதிய.

அம்மாவுக்கு டாக்டர் வேண்டாம்னுட்டா, இல்ல குலுக்கல்ல விழலன்னா, விசாவே இல்லாம நீங்களே தனியா கூட்டிட்டுப் போகக்கூடிய எடங்கள் இருக்கு. நெறைய பேருக்கு இது தெரியல. உத்தராகண்ட் பித்தோராகட்ல தார்ச்சுலாவுக்கு மேல ஆதி கைலாஷ், ஓம் பர்வத். நம்ம நாட்டுக்குள்ளயே இருக்கு, எல்லைப் பக்கம் போறதுக்கான இன்னர் லைன் பெர்மிட்ட தார்ச்சுலாவுல எடுத்தா போதும், தனி ஆளே எடுக்கலாம். மெடிக்கல் சர்டிபிகேட்டும் அடையாள அட்டையும் வேணும், ஜீப்பு பக்கத்துல வரைக்கும் போகுது. 2024 அக்டோபர்லேருந்து பழைய லிபுலேக் முனையில நின்னு நிஜ கைலாஷ தூரத்துலேருந்து பாக்கவும் விட்டிருக்காவ. நேபாளத்துல முக்திநாத்தும் அப்படித்தான், 108 திவ்யதேசத்துல ஒண்ணு, விசா வேண்டாம், போக்ரா போயி ஜோம்சம் வழியா நீங்களே வண்டி புடிச்சு போயிட்டு வரலாம். 3,700 மீட்டர் பக்கம்தான். என் யோசனய கேட்டா இந்த வருஷம் அம்மாவ முக்திநாத் கூட்டிட்டுப் போங்க. அந்த ஒயரத்துல ராத்திரி எப்படி தூங்குதாவ, படி ஏறும்போது மூச்சு எப்படி இருக்குன்னு நீங்களே பாத்துருவிய, அடுத்த வருஷம் கைலாஷுக்கு பணம் கட்டறதா வேண்டாமான்னு அதுல தெரிஞ்சு போகும்.

கடைசியா ரசீது விஷயம். நம்ம தமிழ்நாடு அரசு அறநிலையத்துறை மூலமா மானசரோவர் போயிட்டு வந்தவங்களுக்கும் முக்திநாத் போயிட்டு வந்தவங்களுக்கும் மானியம் குடுக்காவ, வருமான வரம்பெல்லாம் உண்டு, நம்ம ஊர் அறநிலையத்துறை ஆபீஸ்ல கேட்டா விவரம் சொல்லுவாவ. அதுக்கு போனதுக்கு அத்தாட்சி கேப்பாவ. குரூப் விசாவுல பாஸ்போர்ட்ல விசா ஒட்டாததால அத்தாட்சிக்கு உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. அதனால காத்மாண்டுல கெளம்பறதுக்கு முன்னாடியே லீடர்ட்ட அந்த லிஸ்ட்ட அம்மா அப்பா பேரு தெரியற மாதிரி செராக்ஸ் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. திரும்பி வந்தப்புறம் கேட்டா கிடைக்காது, பேப்பர பார்டர்லயே வாங்கி வச்சிருவான்.